கருப்புக்கு அடியில் நீலம்

மூன்று நிறம் ஏறி முடிந்திருந்தது. மஞ்சள் வெள்ளிக்கிழமை, சிவப்பு சனிக்கிழமை, நீலம் திங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு முனிசாமி அச்சு மெஷினில் கருப்பு பிளேட்டை மாட்டி, நாற்பது ஐம்பது தாளைச் சும்மா ஓட்டி, ஒன்றை உருவி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். இன்னொரு தாளை உருவினார். அதையும் பிடித்துப் பார்த்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த கோதை கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். முனிசாமி ஒரு தாளை இரண்டு தடவை பார்க்கிற ஆள் இல்லை.

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சகம். நல்ல பெரிய மெஷின்தான், ஆனால் ஒரு நிறத்து மெஷின். கலர் வேலை என்றால் ஒவ்வொரு தாளும் நாலு தடவை உள்ளே போய் வர வேண்டும். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு இப்படி ஒரு வேலை வந்தது அதுதான் முதல் தடவை. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் கண்ணாயிரம் கொடுத்த கேட்டலாக். எட்டுப் பக்கம். தாளின் ஒரு பக்கத்தில் வெள்ளையில் நாலு பக்கம், சிலைகளின் பட்டியலும் அளவுகளும். மறுபக்கத்தில் விளிம்பு முதல் விளிம்பு வரை கருப்பாக நாலு பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு கருங்கல் சிலை, கீழே வெள்ளை எழுத்தில் அதன் பெயர். படங்களைக் கருப்பு வெல்வெட் துணி விரித்து எடுத்திருந்தார்கள்.

"சட்டம் கட்டின மாதிரி படம் தெரியக் கூடாது. இருட்டுக்குள்ள இருந்து சிலை வர மாதிரி இருக்கணும்" என்று சொல்லியிருந்தார் கண்ணாயிரம். வருகிற திங்கட்கிழமை அவர் ஜெர்மனியில் ஒரு கல் கண்காட்சிக்கு விமானம் ஏற வேண்டும். கேட்டலாக்குகள் அவரோடு போக வேண்டும்.

முதலாளி ஜெயகிருஷ்ணன் தன் அறையிலிருந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது? சட்டம் கட்டின மாதிரி தெரியுதே!"

கோதையும் எழுந்து போனாள். பக்கம் முழுக்கக் கருப்பாக இருக்க வேண்டிய இடம், பலதரம் துவைத்த கருப்புச் சட்டை மாதிரி வெளிறியிருந்தது. நடுவில் நந்தி இருந்த படம் மட்டும் ஆழமான கருப்பு. அந்த ஆழமான கருப்பு எங்கே முடிகிறது, வெளிறின கருப்பு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலத் தெரிந்தது. நாலு பக்கத்திலும் நாலு பெட்டி.

"இங்க்கு பத்தல. அதான்" என்றார் ஜெயகிருஷ்ணன். "நல்லா ஏத்து."

"இங்க்கு கரெக்டா கீது சார். இதுக்கு மேல ஏத்துனா காயாது. மழ வேற பெஞ்சுகினு கீது" என்றார் முனிசாமி.

"ஏத்துய்யா. வெளுத்துப் போய் கெடக்குது, கரெக்டா இருக்குதாம்." பிறகு கோதையின் பக்கம் திரும்பினார். "ஃபைல் சரிதானேம்மா?"

"சரிதான் சார்."

சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. திரையில் பார்த்தவள் அவள்தான். படமும் பின்னணியும் ஒரே கருப்பு, நடுவில் மயிரிழை கூடத் தெரியவில்லை. ஆபீஸில் இருந்த சின்ன பிரிண்டரில் எடுத்துக் கண்ணாயிரத்திடம் காட்டிய மாதிரியிலும் தெரியவில்லை.

முனிசாமி இங்க்கை ஏற்றினார். கருப்பு கொஞ்சம் கூடியது. பெட்டி போகவில்லை. இன்னும் ஏற்றச் சொன்னார் ஜெயகிருஷ்ணன். இன்னும் ஏற்றினார். பெட்டி போகவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முந்நூறு தாள் அடுக்காகி நின்றபோது முனிசாமி தானாகவே மெஷினை நிறுத்திவிட்டு, அடுக்கின் நடுவில் கைவிட்டு ஒரு தாளைத் தூக்கினார். சப்பென்று ஒரு சத்தத்தோடு அது கீழ்த் தாளிலிருந்து பிரிந்தது.

அதைத் திருப்பிப் போட்டார். வெள்ளைப் பக்கம் முழுக்கக் கருப்பு ஒட்டியிருந்தது. கீழே இருந்த தாளின் ஈர மை, மேல் தாளின் முதுகில். பட்டியல், அளவுகள், கண்ணாயிரத்தின் விலாசம் எல்லாவற்றின் மேலும் புகை படிந்த மாதிரி.

"பாத்தியா சார், நான் சொன்னன்ல?"

ஜெயகிருஷ்ணனுக்கு அதைத்தான் பொறுக்கவில்லை. மை குறைவாகப் போட்டாலும் தப்பு, அதிகமாகப் போட்டாலும் தப்பு, பதினோரு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று கத்தினார். நீ சொல்லித்தானே போட்டேன் என்று முனிசாமியும் கத்தினார். ஆமாம், நான் கிணத்துல குதின்னா குதிப்பியா என்றார் இவர். பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் முனிசாமி கையிலிருந்த துணியை மெஷின் மேல் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"போகட்டும். வேற ஆள் இல்லையா ஊர்ல?" என்றார் ஜெயகிருஷ்ணன், யாரையும் பார்க்காமல்.

கோதை தன் இடத்துக்கு வந்தாள். உட்கார முடியவில்லை. ஒரு கெட்டுப்போன தாளை எடுத்து வந்து மேஜையில் விரித்து லென்ஸை வைத்தாள். படத்துக்குள் வெல்வெட் இருந்த இடத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நாலு நிறப் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. லென்ஸை அரை அங்குலம் நகர்த்திப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோனாள். அங்கே கருப்பு மட்டும். ஒரே ஒரு படலம். அதற்கு நடுவே குண்டூசி முனை அளவில் தாளின் வெள்ளை எட்டிப் பார்த்தது.

லென்ஸை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

பிறகு ஃபைலைத் திறந்து எண்களைப் பார்த்தாள். படத்திலிருந்த கருப்பில் நீலம் எழுபத்திரண்டு சதவீதம், சிவப்பு அறுபத்து நாலு, மஞ்சள் அறுபது, கருப்பு எண்பத்தைந்து. பின்னணியில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், நூறு. திரைக்கு இரண்டும் ஒன்றுதான். தாளுக்கு ஒன்றில்லை. ஒரு மை எவ்வளவு கெட்டியாக ஏறினாலும் நாலு மை சேர்ந்த கருப்புக்கு ஈடாகாது. முனிசாமி வாளியோடு கவிழ்த்திருந்தாலும் அந்தப் பெட்டி போயிருக்காது.

அந்தப் பூஜ்யங்களைப் போட்டவள் அவள்தான். யோசித்தே போட்டாள். முன்பு தாம்பரத்தில் பாடப்புத்தகம் செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் இருந்தபோது, கருப்பு என்றால் கருப்பு மட்டும்தான், மற்ற நிறம் கலந்தால் எழுத்தைச் சுற்றிச் சாயம் தெரியும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். எழுத்துக்கு அது சரி. சின்ன எழுத்தை நாலு நிறத்தில் போட்டால் தாள் ஒரு நூல் விலகினாலும் எழுத்து மங்கும். ஆனால் இங்கே இருந்தது எழுத்து இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு மேல் வெறும் கருப்பு.

மணி பன்னிரண்டேகால் ஆகியிருந்தது. ஜெயகிருஷ்ணன் போனில் யாரிடமோ மெஷின்மேன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போனை வைத்ததும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கோதை நினைத்தாள். அவர் போனை வைத்தார். அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டு வந்ததும் யாரோ பார்க்க வந்திருந்தார்கள். ஐந்தரைக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள், சொல்லாமலே.

கூடுவாஞ்சேரிக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் அரை மணி நேரம். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அப்பா இல்லாத வீட்டில் அவளுடைய வேலைதான் வேலை. ஆனால் உண்மையில் அவளை வாயடைத்தது அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. 'ஃபைல் சரிதானேம்மா' என்று கேட்டதற்குச் 'சரிதான் சார்' என்று அவ்வளவு வேகமாகச் சொன்னதுதான்.

"என்னடி, வந்ததுலேர்ந்து நடந்துண்டே இருக்கே?" என்றாள் அம்மா கோமளம்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லேன்னா ஒக்காரு."

உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் எழுந்து, காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்த துணிகளை மறுபடி மடித்தாள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணாயிரமே வந்துவிட்டார். ஐம்பது வயசு இருக்கும். தலையில், புருவத்தில், சட்டைக் காலரில் எல்லாம் கல் தூசி. ஜெயகிருஷ்ணன் மறைக்கப் பார்த்தும் முடியவில்லை, கெட்ட தாள்கள் மேஜை மேலேயே கிடந்தன. கண்ணாயிரம் ஒன்றை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இது கருப்பு இல்லைங்களே. சிலேட்டு."

"மெஷின்மேன் பண்ணின வேலை. அவனை அனுப்பிட்டேன். மத்தியானம் மதுராந்தகத்துல இருந்து வேற ஆள் வரான். கருப்பையே ரெண்டு தடவை ஓட்டிடலாம்."

"அனுப்பிட்டீங்களா?"

"பின்ன? பதினோரு வருஷ சர்வீஸுன்னு சும்மா விட முடியுமா?"

கோதை எழுந்து நின்றாள். எழுந்தது தெரியாமலேயே தடுப்பைத் தாண்டி வந்திருந்தாள்.

"சார், முனிசாமி அண்ணன் மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது. ஃபைல்ல."

ஜெயகிருஷ்ணன் முகம் சிவந்தது. "உள்ள போம்மா. அப்புறம் பேசலாம்."

"நேத்து பன்னெண்டு மணிக்கே தெரிஞ்சுது சார். சொல்லல."

இதைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டு பேர் கையிலும் லென்ஸைக் கொடுத்து, முதலில் பெட்டிக்குள்ளே, பிறகு வெளியே பார்க்கச் சொன்னாள். ஜெயகிருஷ்ணன் பார்த்துவிட்டு லென்ஸைக் கீழே வைத்தார். கண்ணாயிரம்தான் ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

"எங்க வேலையிலயும் இருக்குதும்மா இது" என்றார் நிமிர்ந்து. "அதே கல்லுதான். உளி பட்ட எடம் சாம்பலாத் தெரியும். நல்லாத் தேச்ச எடம் மை மாதிரி இருக்கும். பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டு கல்லுன்னே சொல்லுவாங்க." பிறகு, "சரி, இப்ப இன்னா பண்ணலாம்? ஞாயித்துக்கெழம என் கைக்கு வரணும்."

கோதைக்கு அப்போது தெரிந்த வழி ஒன்றுதான். பின்னணியிலும் நாலு நிறம் போட்டு, பிளேட் செய்வதற்கான நாலு ஃபிலிமும் புதிதாக எடுத்து, புதுத் தாளில் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஒரு நிறத்து மெஷினில் அதற்கு நாள் போதாது. ஜெயகிருஷ்ணன் அதைத்தான் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்தி. கண்ணாயிரம் போன பிறகு இன்னும் நிறைய சொன்னார். வாடிக்கையாளர் முன்னால் அச்சகத்தின் மானத்தை வாங்கிவிட்டாள் என்பதுதான் அதில் முக்கியம்.

"முனிசாமி அண்ணனைக் கூப்பிடுங்க சார்."

"நான் கூப்பிட மாட்டேன்."

"அப்ப நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

அவர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மதுராந்தகத்துக்காரனுக்கு மட்டும் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

முனிசாமியின் வீடு பொன்விளைந்தகளத்தூரில். பஸ் ஊருக்குள் நுழைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கோதை சேற்றில் நடந்து விசாரித்துப் போனபோது முனிசாமி வாசல் தாழ்வாரத்தில் நின்று பம்பு செட் மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வேண்டா எட்டிப் பார்த்தாள்.

"யாரு?"

"ப்ரெஸ்ல வேல செய்ற பொண்ணு" என்றார் முனிசாமி, மோட்டாரை விட்டுத் திரும்பாமல்.

கோதை நின்றபடியே சொன்னாள். முழுவதும் சொன்னாள், நேற்று பன்னிரண்டேகால் மணிக்குத் தெரிந்ததையும் சேர்த்து.

முனிசாமி ஸ்பானரைக் கீழே வைத்தார். "நான் செருப்ப மாட்டிகினு போம்போதே தெரியுமா?"

"இல்லண்ணா. நீங்க போனப்புறம்."

"அப்பறமும் ஒரு நாளு கம்முனு குந்திகினு இருந்த."

"ஆமா."

"நேத்து ராவெல்லாம் தூங்கல இந்த ஆளு" என்றாள் வேண்டா. "கை மறந்து போச்சான்னு பொலம்பிகினே கீறாரு. பதினோரு வருசம் இங்க்கு போட்ட கைக்கு அளவு மறந்து போச்சான்னு."

வேண்டா உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து கோதையின் கையில் கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே கோதை தன் யோசனையைச் சொன்னாள். நாலு ஃபிலிம், புதுத் தாள், முதலிலிருந்து.

முனிசாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கருப்பு ஏறாத தாளு எத்தினி கீது?" என்றார்.

"ஆயிரத்து எழுநூறுக்கு மேல."

"அதுல மூணு கலரு ஏறி, நல்லா காஞ்சி கீது. படம் சுத்தமா கீது. அத ஏன் தூக்கிப் போடற?"

கோதை துவட்டுவதை நிறுத்தினாள்.

"பின்னணி மட்டும்..." என்றாள் மெதுவாக. "படத்தத் தவிர்த்து, பின்னணிக்கு மட்டும் அடியில நீலம். ஒரே ஃபிலிம். ஒரே பிளேட்."

"அத்த ஓட்டிக் காய விட்டு, அது மேல கருப்பு. நான் மொதல்ல போட்ட அதே அளவு இங்க்குதான்." 'அதே' என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

"நூறு போடலாமா நீலம்?"

"நூறு போட்டா கருப்பு நீலமாத் தெரியும். காயவும் காயாது. கொறச்சிக்கோ."

"அறுபது."

"அறுபது போதும். வெள்ளை எழுத்து கீதே, அதுக்கு இன்னா பண்ணப் போற? தாளு மூணு தபா ஈரத்துல போய் வந்து கீது, இழுத்துகினு இருக்கும். நூலு வெலகுனா எழுத்துக்குள்ள நீலம் பூந்துடும்."

"நீலத்த எழுத்துக்குக் கிட்ட வரவே விடமாட்டேன். எழுத்தச் சுத்திக் கொஞ்சம் எடம் விட்டுடறேன். அங்க வெறும் கருப்பு மட்டும் இருக்கும். சின்ன எடம்தானே, தெரியாது."

முனிசாமி தலையாட்டினார். அப்புறம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மோட்டார் பக்கம் திரும்பினார். அவர் வருவாரா மாட்டாரா என்று கோதை நின்றுகொண்டே இருந்தாள்.

"மொதலாளி சொல்லி உட்டாரா?"

"இல்ல. நானா வந்தேன்."

"அதான பாத்தன்." மூடியின் திருகை இறுக்கினார். "ஃபிலிம எடுத்துகினு வா. நாளிக்கி சாயங்காலம் நான் அங்க கீறன். வேற எவனாச்சும் அந்த மெஷின்ல கைய வெச்சா நல்லா இருக்காது, சொல்லிடு."

வியாழக்கிழமை அதிகாலை ட்ரெயினில் கோதை புது ஃபைலை ஏற்றிய ஒரு சி.டி.யோடு சென்னைக்குப் போனாள். ராயப்பேட்டையில் ஃபிலிம் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் பத்ரி என்று ஒருவன், அவள் வயசுக்காரன்தான். ஃபைலைத் திறந்து பார்த்தவன் சிரித்தான்.

"எல்லாரும் கருப்பு பத்தலைன்னா நாலுத்தையும் நூறு நூறு போட்டுக் கொண்டு வருவாங்க. நானூறு. தாளு தொப்பலா நனஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நீங்க என்ன, நீலத்த மட்டும் தனியாக் கொண்டு வந்திருக்கீங்க?"

அவள் கதையைச் சொன்னாள். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் திரையில் படத்தின் விளிம்பைப் பெரிதாக்கினான்.

"நீலம் சரியா படத்தோட விளிம்புல நிக்குது பாருங்க. மெஷின்ல கொஞ்சம் விலகுச்சுன்னா நடுவுல ஒரு வெளுத்த கோடு விழும். அரை மில்லிமீட்டர் படத்துக்குள்ள இழுத்து விடுங்க. உள்ள இருட்டுதானே, தெரியாது."

இழுத்து விட்டாள். ஒரு தடவை தப்பான இடத்தில் இழுத்து, திரும்பவும் செய்தாள். ஃபிலிம் கழுவி வெளியே வரும்வரை அந்தச் சின்ன அறைக்குள் சுவருக்கும் கதவுக்கும் நடந்தாள். பத்ரி ஸ்டூலைக் காட்டினான். உட்காரவில்லை.

ஃபிலிமைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டு, ட்ரெயினில் மடியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அச்சகத்துக்குள் நுழைந்தபோது நாலு மணி. முனிசாமி மெஷினின் ரோலர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெயகிருஷ்ணன் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று கோதை கேட்கவில்லை.

பிளேட் போட்டு, ஆறு மணிக்குள் நீலம் ஓடி முடிந்தது. பார்க்க விசித்திரமாக இருந்தது அது. நந்தியும் பிள்ளையாரும் கருப்பில்லாமல் அரைகுறையாகத் தெரிய, அவற்றைச் சுற்றி வெளிர்நீலம். இரவு முழுக்கக் காயட்டும் என்று மின்விசிறி எதிரே பரத்திவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கருப்பு பிளேட் திரும்ப ஏறியது. ஜெயகிருஷ்ணன் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முனிசாமி இங்க்கைத் தன் அளவில் வைத்தார். இருபது தாள் ஓடியதும் ஒன்றை உருவி, கோதையிடம் நேராக நீட்டினார்.

"நீயே பாரு."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். வெளியே வெயில் லேசாக வந்திருந்தது. நந்தியின் திமில், கழுத்து மணி, மடக்கிய முன்னங்கால். அதற்கப்புறம் இருட்டு. விளிம்பு வரை இருட்டு. பெட்டி எங்கே என்று கண் தேடியது. நேராகப் பிடித்தபோது இல்லை. சாய்த்துப் பிடித்தாள். சாய்வு வெளிச்சத்தில் மெல்லிய ஒரு வித்தியாசம் இருந்தது. படத்துக் கருப்பு கொஞ்சம் சூடாக, பின்னணிக் கருப்பு கொஞ்சம் குளிர்ச்சியாக. தேடுகிறவனுக்குத் தெரியும். வெள்ளை எழுத்துகள் வெட்டி வைத்த மாதிரி இருந்தன.

"கோடு இன்னும் இருக்குண்ணா. சாச்சா தெரியுது."

"அது இருக்கத்தான் இருக்கும். ஒண்ணுத்துல நாலு மை, இன்னொண்ணுத்துல ரெண்டு." முனிசாமி மெஷினைத் திரும்ப ஓட விட்டார். நூறு நூறு தாளாகத் தனித்தனி அடுக்காக எடுத்து வைத்தார், பாரம் ஏறாமல் இருக்க. ஒவ்வொரு அடுக்கிலும் நடுத்தாளைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

ஜெயகிருஷ்ணன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மூன்று டீ வந்தது. அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மடித்துக் கட்டிய கேட்டலாக்குகளோடு கோதையும் முனிசாமியும் ஆட்டோவில் மாமல்லபுரம் போனார்கள். சிற்பக்கூடத்தில் விடுமுறை என்பதே இல்லை போல, நாலைந்து உளிகள் ஒரே தாளமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தன. கடல் காற்றில் தூசி பறந்தது. கண்ணாயிரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு கட்டைப் பிரித்தார். வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார்.

கோதை அவர் கையையே பார்த்தாள். சாய்க்காதே, சாய்க்காதே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. அவர் சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கல்லைப் பார்க்கிறவர் அப்படித்தானே பார்ப்பார்.

"லேசா ஒரு கோடு ஓடுது" என்றார்.

"ஆமா சார்" என்றாள் கோதை உடனே. "இந்த வழியில அத முழுசாப் போக்க முடியல. அடுத்த தடவை ஆரம்பத்துலயே சரியாப் போட்டுடுவேன்."

அவர் இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். "ஜெர்மன்காரன் இவ்ளோ பாக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிக் கட்டுகளைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார். ஆயிரத்து அறுநூற்று எண்பது பிரதி. கேட்டதைவிடக் குறைவுதான். அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும்போது பஸ். முனிசாமி ஜன்னல் ஓரம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கோதை, "சார் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இன்னா சொல்லுவாரு? நேத்து வந்து, மெஷினுக்கு ஆயில் போட்டியான்னாரு."

"நான் அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க வீட்டுக்குப் போயிருக்க வேணாம்."

"ஆமா" என்றார் முனிசாமி. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

கோதையின் வேலை போகவில்லை. கருப்புப் பின்னணி வரும் வேலைகளில் அவளே எண்களைப் போட்டு, ஃபிலிம் எடுக்குமுன் ஜெயகிருஷ்ணனிடம் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. அவருக்கு எண்கள் புரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். கண்ணாயிரம் மறு வருஷமும் வந்தார். அந்தக் கேட்டலாக்கில் கோடு இல்லை.

ஆனால் அதை ஓட்டியவர் முனிசாமி இல்லை. பொங்கல் கழிந்ததும் அவர் அம்பத்தூரில் ஒரு நாலு நிறத்து மெஷினுக்குப் போய்விட்டார். போகிற அன்று ஜெயகிருஷ்ணன் சால்வை போட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார், இன்னும் நாலு நல்ல வார்த்தை சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. முனிசாமி சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"வரேன்மா."

"வீட்டுல சொல்லுங்கண்ணா" என்றாள் கோதை. வேறு ஏதோ சொல்ல எழுந்தாள்.

அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். கோதை சந்து முனை வரை வேகமாக நடந்து போனாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் பஸ் நின்றிருந்தது. ஏறிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "இன்னாமா?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா. பஸ் ஏத்தி விட வந்தேன்."

முனிசாமி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக முகம் தளர்ந்து சிரித்தார்.

"போ, போ. வேல கெடக்குது" என்றார். பஸ் நகர்ந்தது.